வெள்ளிக்கிழமை 412, திங்கட்கிழமை 451

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் என் மருமகனை வீட்டை விட்டு அனுப்பிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். காரணம் முப்பத்தொன்பது ரூபாய். ஒரு பங்குக்கு முப்பத்தொன்பது ரூபாய். நான் வாங்கியதோ ஐந்நூறு பங்கு. ஆனால் என் வயிறு எரிந்தது பணத்துக்காக இல்லை. என்னை எவனாவது ஏமாற்றினான் என்றால் எனக்குச் சோறு இறங்காது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாவது தாண்டாதவன். தாண்டியிருந்தால் இன்றைக்கு வேறு ஒருவன் ஷெட்டில் சம்பளத்துக்கு நின்றுகொண்டிருப்பேன். உத்தனப்பள்ளியிலிருந்து சைக்கிளில் வந்து ஓசூரில் ஒரு லேத்துக்கு முன்னால் நின்றவன், இப்போது சிப்காட் பக்கம் சொந்த ஷெட்டில் பதினொரு மெஷின் ஓட்டுகிறேன். கம்ப்யூட்டர் மெஷின் ஓசூருக்கு வந்த புதிதில், இங்கிலீஷ் தெரியாத நீ அதை எப்படி ஓட்டுவாய் என்று கேட்டவர்கள் உண்டு. மெஷின் இங்கிலீஷ் பேசாது, வெட்டும், அவ்வளவுதான் என்று சொன்னேன். கேட்டவர்களில் இரண்டு பேர் பிற்பாடு என்னிடமே கூலிக்கு ஜாப் ஒர்க் கேட்டு வந்தார்கள்.

பங்கும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். எவனும் சொல்லித் தரவில்லை. ஒரு கம்பெனிக்கு ஆர்டர் வருகிறதா இல்லையா என்பது அதன் வாசலில் நிற்கும் லாரியைப் பார்த்தால் தெரியும். பேப்பர் படிக்கிறவனுக்கு மூன்று மாசம் கழித்துத்தான் தெரியும்.

மருமகனுக்குப் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறி, அத்திப்பள்ளி நெரிசலில் நின்று நின்று போவார். என் ஒரே மகளைக் கொடுத்து, மாடியில் குடிவைத்திருந்தேன். பையன் சாது. அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசாதவனை நம்பலாமா கூடாதா என்பதில் எனக்கு எப்போதும் இரண்டு மனசு உண்டு.

ஒரு நாள் அவர்தான் சொன்னார்: "மாமா, நீங்க தினமும் போனையே பாத்துட்டு இருக்கீங்க. நான் ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன். நீங்க சொல்ற விதிப்படி அதுவே ஆர்டர் போட்டுடும்."

எனக்குப் பிடித்தது. என் கம்ப்யூட்டர் மெஷினுக்கும், சி.என்.சி. என்பார்கள், அதுதானே? புரோகிராம் போட்டால் ஆள் இல்லாமல் ஓடும். விதியை நான் சொன்னேன். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பம்பு கம்பெனி ஒன்றை நான் கவனித்துவந்தேன். அதன் வெள்ளிக்கிழமை முடிவு விலை, கடந்த இருபது நாள் சராசரிக்கு மேலே இருந்தால் வாங்கு. எப்போது ஓட வேண்டும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, வீட்டில் விளக்கு ஏற்றும் நேரம் என்றேன். திங்கட்கிழமை காலை வேண்டவே வேண்டாம். ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். அதற்குப் பிறகு எனக்கு ஷெட்டில் தலைக்கு மேல் வேலை, அவருக்கு ஆபீசில் மீட்டிங்.

ஆறு மணிக்கு முன்னால் என் போனுக்கு ஓ.டி.பி. வரும். அந்த எண்ணை நான் சொன்னால்தான் கணக்கு திறக்கும். சாவி என் கையில் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை ஆறு மணி தாண்டியதும் போனில் புரோகிராமின் செய்தி வந்தது. மகள் படித்துச் சொன்னாள்: "வாங்கும் ஆர்டர் போடப்பட்டது. 500 பங்கு. விலை 412."

மறுநாள் சனிக்கிழமை அந்தப் பம்பு கம்பெனி காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. லாபம் எல்லாரும் நினைத்ததைவிட அதிகம். டி.வி.யில் ஓடியது. எனக்கு நிலைகொள்ளவில்லை. பழைய இரும்பு, பித்தளைத் தூள் எடுக்கிற பாய் என் ஷெட்டுக்கு வருவார். முப்பது வருஷப் பழக்கம். பெங்களூரில் பி.யு.சி. வரைக்கும் படித்தவர், இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கிறவர். அவருக்கும் பங்கு உண்டு, வேறொரு புரோக்கரிடம்.

"பாய், ரிசல்ட்டுக்கு முந்தின நாள் வாங்கிட்டேன். நானூத்திப் பன்னெண்டு."

"எப்படிய்யா தெரியும் ஒனக்கு?"

"லாரி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டுப் பக்கத்தில் பிரியாணி போடச் சொல்லி, தெரிந்தவர்கள் இருபது பேருக்கு நான் விருந்து வைத்தேன். சாப்பிட்டவர்கள் எல்லாரிடமும் நானூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னேன். இரண்டு முறை கேட்டவர்களுக்கு இரண்டு முறை சொன்னேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மகளிடம் போனைக் கொடுத்து, கணக்கைப் பார்க்கச் சொன்னேன். அவள் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"அப்பா, நானூத்தி ஐம்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு."

"அது இப்போதைய விலை. நான் வாங்கின விலையைப் பாரு."

"வாங்கின விலைதான்ப்பா. மணி ஒம்பது எட்டு."

ஒன்பது எட்டு. பங்குச் சந்தை ஒன்பதே காலுக்குத் திறக்கும் என்று எனக்குத் தெரியும். எந்தச் சின்னப் பையனுக்கும் தெரியும். கடையே திறக்காத நேரத்தில் எனக்கு எவன் விற்றான்? அதுவும் நான் வெள்ளிக்கிழமையே வாங்கிவிட்டதை?

ஷெட்டில் எனக்கு ஒரு பழைய பாடம் உண்டு. ஒருமுறை கம்பெனிக்காரன் கொடுத்த நல்ல எஃகு ராடை ஒரு சூப்பர்வைசர் வெளியே தள்ளிவிட்டு, மட்டமான ராடை அந்த இடத்தில் வைத்தான். எண்ணிக்கை சரியாக இருந்தது, எடை சரியாக இருந்தது. வெட்டும்போது டூல் கத்திய சத்தத்தில்தான் கண்டுபிடித்தேன். இதுவும் அதுதான் என்று என் மனசு சொன்னது. என் நானூற்றுப் பன்னிரண்டை யாரோ எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் நானூற்று ஐம்பத்தொன்றை வைத்துவிட்டார்கள். புரோகிராம் எழுதியவர் ஒருவர்தான்.

இதில் இன்னொன்றும் இருந்தது. ராயக்கோட்டை ரோட்டில் புது ஷெட் ஒன்று எடுத்திருந்தேன். அதில் மருமகனைப் பங்குதாரராகச் சேர்க்கும் பத்திரம் ஆடிட்டரிடம் தயாராக இருந்தது. அந்த வாரமே கையெழுத்து. ஐந்நூறு பங்கில் கை வைக்கிறவன் ஷெட்டில் எதில் கை வைக்கமாட்டான்? கையெழுத்துப் போடுவதா, ஆளையே கிளப்புவதா என்பது முப்பத்தொன்பது ரூபாய்க்கு விடை தெரிந்தால்தான் தெரியும்.

சாயங்காலம் அவர் பஸ் இறங்கி வந்தார். எனக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும்.

"வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. காப்பி சாப்பிடுங்க. ஒரு சின்ன சந்தேகம், நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. வெள்ளிக்கிழமை நானூத்திப் பன்னெண்டுக்கு வாங்கினது திங்கக்கிழமை எப்படிங்க நானூத்தி ஐம்பத்தொண்ணு ஆச்சு?"

அவர் லேப்டாப்பைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் மாறியது. அதை நான் குறித்துக்கொண்டேன்.

"ஸ்கிரிப்ட், அதான் அந்த புரோகிராம், ஆறு மணிக்கு சரியாத்தான் ஓடிருக்கு மாமா. ஆர்டரும் போயிருக்கு. விலை மட்டும்... எனக்கே புரியல."

"எழுதினவருக்கே புரியலைங்களா?"

"இல்ல மாமா."

அடுப்படியில் பாத்திரம் சத்தமாக விழுந்தது. மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"புரியலைன்னா தெரிஞ்சவங்ககிட்ட கேக்கலாம். எங்க கேப்பாங்க இதையெல்லாம்?"

புரோக்கர் கம்பெனியின் வெப்சைட்டில் ஒரு கேள்வி-பதில் பகுதி இருக்கிறதாம். இப்படிப் புரோகிராம் எழுதுகிறவர்கள் அதில் கேட்பார்களாம், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்களாம். கேளுங்கள் என்றேன், ஆனால் என் முன்னால், நான் சொல்வதை எழுதி. அவர் இங்கிலீஷில் அடித்தார். நான் பாயைக் கூப்பிட்டு, அடித்ததைத் திருப்பித் தமிழில் படிக்கச் சொன்னேன்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: "'வெள்ளி மாலை ஆறு மணிக்கு ஓடும்படி வைத்த என் ஸ்கிரிப்ட் வாங்கும் ஆர்டர் போட்டது. அப்போது விலை 412. சனி, ஞாயிறு கழித்து திங்கள் 9.08-க்கு 451-ல் வாங்கியதாகக் காட்டுகிறது. ஏன்?' கம்பெனி பேரும் தேதியும் இருக்கு. சரியாத்தான் எழுதியிருக்காரு."

"திருட்டு நடந்திருக்கான்னு கேக்கச் சொன்னேனே, அது எங்க?"

"அது இல்லைய்யா."

"அங்க அப்படிக் கேட்டா யாரும் பதில் சொல்லமாட்டாங்க மாமா" என்றார் மருமகன். அதையும் குறித்துக்கொண்டேன்.

பதில் மறுநாள் காலையில் வந்திருந்தது. எழுதியவருக்குப் பேர் கிடையாது, படத்தில் ஒரு எருமை. மருமகன் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் படித்துச் சொன்னார். எருமைக்காரர் பதில் சொல்லாமல் கேள்விதான் கேட்டிருந்தார்: "சந்தை மூன்றரைக்கு மூடிவிட்டது. ஆறு மணிக்கு உங்களுக்கு விற்க அங்கே யார் இருந்தது? உங்கள் ஆர்டரில் விலை குறிப்பிட்டீர்களா, இல்லை 'மார்க்கெட்', அதாவது வந்த விலைக்கு வாங்கு, என்று போட்டீர்களா?"

"மார்க்கெட்னுதான் மாமா போட்டிருக்கேன்" என்றார் மருமகன், மெல்ல. உட்கார்ந்து பதில் அடித்தார். பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

ஒன்பது மணிக்குப் பாய் என் ஷெட்டுக்கு வந்தார். அதற்குள் எருமைக்காரரின் நீளமான பதில் வந்திருந்தது. பாய் தன் போனில் அதைத் திறந்து படித்தார்.

சந்தை மூடிய பிறகு வருகிற ஆர்டரைப் புரோக்கர் வாங்கிவைத்துக்கொள்வார். அதை வாங்கியதாகக் கணக்கில்லை. அடுத்த சந்தை நாள் காலை ஒன்பது மணிக்குத்தான் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புவார். ஒன்பதிலிருந்து சில நிமிஷம் எல்லாருடைய ஆர்டரையும் சேர்ப்பார்கள். எந்த விலையில் அதிகப் பங்கு கைமாறுமோ அதைத் தொடக்க விலையாக வைத்து, அங்கே ஒத்துப்போகிற எல்லாருக்கும் அந்த ஒரே விலையில் முடித்துவிடுவார்கள். அதனால்தான் 9.08. ஒன்பதே காலுக்குத் திறப்பது அதற்கு அடுத்த கட்டம். இடையில் சனிக்கிழமை நல்ல ரிசல்ட் வந்ததால் திங்கள் காலை எல்லாரும் வாங்க வந்தார்கள், விலை தாவியது. உங்கள் ஆர்டரில் விலை எழுதவில்லை, அதனால் தாவிய விலைக்கே எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை நீங்கள் பார்த்த 412, ஸ்கிரிப்ட் எடுத்துக் காட்டிய அன்றைய முடிவு விலை. அது வாங்கிய விலை இல்லை.

கேட்பதற்கு நன்றாக இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் கூடியது.

"பாய், இந்த எருமை யாரு?"

"எனக்கென்ன தெரியும்?"

"மாப்பிள்ளை ஆபீசுல நூறு பேர் சும்மா உக்காந்திருக்கான். அதுல ஒருத்தனுக்கு போன் போட்டு, 'டேய், என் மாமனார் கேப்பாரு, இப்படி எழுதிடு'ன்னா முடிஞ்சுபோச்சு."

பாய் சிரித்தார். "ஒன் மூளை பித்தளைத் தூள்ல தங்கம் தேடுதுய்யா."

"தேடித்தானே பதினொரு மெஷின் வாங்கினேன்?"

இந்த இடத்தில் நான் ஒரு வேலை செய்தேன். படித்தவன் எவனுக்கும் இது தோன்றியிருக்காது. மருமகன் அத்திப்பள்ளி நெரிசலில் இருக்கும்போதே, பாயின் பேரில் அதே இடத்தில் ஒரு கணக்குத் திறக்கச் சொன்னேன். மருமகனின் கேள்வியோடு சேராமல், வேறொரு ஆள் போல ஒரு தனிக் கேள்வி. அதே கம்பெனி, அதே திங்கட்கிழமை, அதே வெள்ளிக்கிழமை ஆர்டர். ஆனால் விலையை மட்டும் பொய்யாக எழுதச் சொன்னேன்: "எனக்கு 9.08-க்கு 448-ல் கிடைத்தது. இதுவும் சரிதானா?"

"என்னத்துக்குய்யா இது?"

"சொல்லிக்கொடுத்த கிளியா இருந்தா, விலை எதுவானாலும் 'ஆமா, சரிதான்'னு சொல்லும். கேட்ட ஆளுக்கு சமாதானம் சொல்றதுதானே அதுக்கு வேலை? உண்மையா விஷயம் தெரிஞ்ச ஆளா இருந்தா..."

"இருந்தா?"

"பாப்போம்."

மத்தியானம் மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆபீஸ் ரூமில் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். மகள் போன் செய்தாள்.

"அப்பா, அவர் நேத்து ராத்திரி சாப்பிடல. பத்திரத்தை நிறுத்திட்டீங்களான்னு என்கிட்ட கேட்டார். நான் என்ன சொல்லட்டும்?"

"நிறுத்தலைன்னு சொல்லு."

"நிஜமாவா?"

"நிறுத்தறதா இருந்தா சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். என் பெண், என்னைப் போலத்தான்.

இரண்டு மணிக்கு மேல் பாய் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். எருமையே பதில் எழுதியிருந்தது. பாய் அதை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"'இது சரியில்லை. அந்தக் காலையில் இந்தப் பங்கின் தொடக்க விலை 451. ஒன்பது எட்டுக்கு முடிந்த ஆர்டர் யாருடையதாக இருந்தாலும் அதே 451-ல்தான் முடிந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு விலை அங்கே கிடையாது. புரோக்கர் உங்களுக்கு அனுப்பிய காண்ட்ராக்ட் நோட்டை மறுபடி பாருங்கள். உண்மையிலேயே 448 என்றால் புரோக்கரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.'"

பாய் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "புகார் குடுக்கட்டுமா? என் பேர்லதான் கேட்டே."

"ஒங்க போன்ல அந்தப் பங்கோட திங்கக்கிழமை தொடக்க விலையைக் காட்டுங்க பாய். ஒங்க புரோக்கர் வேற ஆளுதானே?"

அவர் தேடிக் காட்டினார். தேதி, அதற்கு நேராக நான்கு எண். முதல் எண் தொடக்க விலை. நானூற்று ஐம்பத்தொன்று. மருமகனுக்குச் சம்பந்தமில்லாத போன், சம்பந்தமில்லாத புரோக்கர். ஊர் முழுக்க அந்தக் காலையில் அந்த நிமிஷத்தில் வாங்கின எல்லாரும் என்னோடு ஒரே வரிசையில் நின்றிருக்கிறார்கள். என் பங்கை எவனும் எடுத்து மாற்றி வைக்கவில்லை. வைக்க அங்கே இடமே இல்லை.

அப்போதுதான் கேரியரைத் திறந்தேன். சாப்பிடும்போது எனக்கே விஷயம் தெளிந்தது. என் ஷெட்டில் விலைக் கட்டம் காலியாக இருக்கும் பர்சேஸ் ஆர்டர் ஒன்றை எவனாவது வெளியே அனுப்பினால் அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். விலை எழுதாத ஆர்டர் என்றால், நீ என்ன கேட்டாலும் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. ராயக்கோட்டை மண்டியில் சனிக்கிழமை ஏலம் முடிந்த பிறகு ஒருவனிடம், திங்கட்கிழமை எனக்கு ஐம்பது பெட்டி தக்காளி எடுத்து வை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை மழை பெய்து வரத்து நின்றால் திங்கட்கிழமை விலையைத்தான் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை விலையைச் சொல்லி அங்கே சண்டை போட முடியாது. சண்டை போட்டால் பெட்டி கிடைக்காது, சிரிப்பு கிடைக்கும்.

புரோகிராம் எழுதும்போது மருமகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது ஞாபகம் வந்தது. "எவ்வளவுக்கு மேல போனா வாங்க வேண்டாம் மாமா?" என்று கேட்டார். பேரம் பேசி நிற்கிற பழக்கம் எனக்கில்லை, கண்டிப்பாக வாங்கிவிட வேண்டும் என்று நான் சொன்னேன். இதைப் பாயிடம் சொல்ல அவசியம் வரவில்லை.

மருமகன் பங்குக்கும் ஒரு தப்பு இருந்தது. சும்மா விடமாட்டேன். சாயங்காலம் பஸ் இறங்கி வந்தவரை உட்காரவைத்தேன்.

"மாப்ளே, வெள்ளிக்கிழமை எனக்கு என்னன்னு செய்தி வந்துச்சு?"

மரியாதை குறைந்ததைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. இந்த வீட்டில் இரண்டு வருஷம் இருந்தவருக்கு அது தெரியும்.

"ஆர்டர் போடப்பட்டது, விலை 412-ன்னு."

"அந்த விலை என்ன விலை?"

"கடைசி விலை. கடைசின்னு எழுதியிருக்கணும். விட்டுட்டேன் மாமா."

"விட்டதால இருபது பேருக்கு பிரியாணி போட்டேன்."

மகள் அடுப்படியிலிருந்து சிரித்தாள். அடக்கப் பார்த்தும் அவளால் முடியவில்லை. மருமகன் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் எடுத்தேன்னு நினைச்சீங்களா மாமா?"

"நினைச்சேன்" என்றேன். பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. "எருமைகிட்டயும் ஒரு பொய்க் கேள்வி கேட்டுப் பாத்தேன்."

"பாய் பேர்ல கேட்ட 448 நீங்களா?" அவருக்கு வாய் பிளந்துவிட்டது. "அதை நானும் பாத்தேன். யாரோ பாவம், புரோக்கர் ஏமாத்திட்டான்னு நினைச்சேன்."

"அப்ப ஒனக்கும் சந்தேகப்படத் தெரியுது. பரவால்ல."

அன்றைக்கே உட்கார்ந்து விதியை மாற்றினோம். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஓடட்டும், ஆனால் அது ஆர்டர் போடாது, யோசனை மட்டும் சொல்லும். திங்கட்கிழமை ஒன்பதே காலுக்குப் பிறகு, புரோகிராமே அன்றைய விலையைப் பார்த்து, அதிகபட்ச விலை எழுதித்தான் ஆர்டர் போகும். அந்த விலைக்குக் கிடைக்காவிட்டால் வேண்டாம். ராகு காலம் ஒன்பதோடு முடிந்துவிடுகிறதே என்று மகள் சொன்னாள். எனக்கு அது முன்பே தெரியும். செய்தியில் இனி மூன்று வரி தனித்தனியாக வரும்: வெள்ளிக்கிழமை முடிவு விலை, நாம் எழுதிய அதிகபட்ச விலை, வாங்கின விலை. வாங்கவில்லை என்றால் மூன்றாவது வரியில் "வாங்கவில்லை" என்றே வர வேண்டும், காலியாக வரக் கூடாது.

இரண்டு நாள் கழித்து ஆடிட்டர் ஆபீசில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். போடும் முன் ஒவ்வொரு பக்கமாகப் பாயைப் படிக்கச் சொன்னேன். அவரைக் கூட்டிக்கொண்டு போனது அதற்காகத்தான். மூன்றாம் பக்கத்தில் லாபப் பங்கு எழுதும் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம் என்றார் ஆடிட்டர்.

பேனாவைக் கீழே வைத்தேன். நான் வாய் திறப்பதற்குள் மருமகன் சொன்னார்: "இல்லைங்க சார், இப்பவே நிரப்பிடுங்க. விலை எழுதாத ஆர்டர் எங்க வீட்டுல இனிமே கிடையாது."

ஆடிட்டருக்குப் புரியவில்லை. முப்பத்தைந்து சதவீதம் என்று நான் சொன்னேன், அவர் எழுதினார், பாய் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

இப்போதும் திங்கட்கிழமை செய்தி வந்ததும், பாய்க்குப் போன் போட்டு அவருடைய போனில் தொடக்க விலையைக் கேட்டுச் சரிபார்க்கிறேன். மருமகனுக்கு அது தெரியும். அவரும் தனியாகப் பாயைக் கூப்பிட்டுக் கேட்கிறாராம். ஒரே விலையை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது, இதுக்கு ஒரு பிரியாணி போடுங்கள் என்று பாய் கேட்டுக்கொண்டிருக்கிறார். பங்கு வாங்கினால் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம்.